120-ஆ, 121-ஆ? வலித் தைலமும் முகக் களிம்பும் உடையும் விதம்

ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் வாங்கி வரும் விண்டர்கிரீன் தைலத்தின் வாசனை பலருக்கும் தெரிந்திருக்கும். கழுத்துப் பிடிப்புக்கும் முட்டி வலிக்கும் தேய்க்கிற தைலங்களிலும் அதே வாசனைதான் தூக்கலாக இருக்கும். அந்த வாசனைக்குச் சொந்தக்காரர் மெத்தில் சாலிசிலேட். இதற்கு ஒரு பங்காளி உண்டு: மெத்தில்பாரபென். முகக் களிம்பும் ஷாம்பூவும் கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிறார்களே, அது. இதற்கு வாசனை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே, C8H8O3. பென்சீன் வளையம், அதில் ஒரு OH, COOCH3 என்ற ஓர் எஸ்டர். இரண்டிலும் இதே உறுப்புகள்தான். சாலிசிலேட்டில் OH-உம் எஸ்டரும் பக்கத்துப் பக்கத்துக் கார்பன்களில் (ஆர்த்தோ) இருக்கின்றன, பாரபெனில் வளையத்தின் எதிரெதிர் முனைகளில் (பாரா) இருக்கின்றன. எடை போட்டால் இரண்டும் 152. அப்படியிருக்க, எடையை மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒரு கருவி இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்லும்? உடைத்துப் பார்த்துத்தான் சொல்லும். நிறை நிறமாலையில், அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரத்தில், துண்டுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள இந்த ஜோடியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

முதலில் கருவிக்குள் நடப்பது. நான் சொல்லப்போவது எலக்ட்ரான் மோதல் முறை. கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே அனுப்பும் கேஸ் குரோமட்டோகிராஃபோடு சேர்ந்து வரும் கருவிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். ஆவியாகிவிட்ட மூலக்கூறுகள் வெற்றிடத்துக்குள் வருகின்றன. சூடான ஒரு கம்பியிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு அவற்றைக் கடந்து பாய்கின்றன. அப்படிப் போகும் எலக்ட்ரான் ஒன்று மூலக்கூறிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஒரு நேர்மின் சுமையும், ஜோடி இழந்த ஓர் எலக்ட்ரானும் கொண்ட மூலக்கூறு. இதைத்தான் மூலக்கூறு அயனி என்கிறோம். போன எலக்ட்ரானின் எடை கணக்கில் வராத அளவு சிறியது என்பதால், மூலக்கூறு அயனியின் எடை மூலக்கூறின் எடையேதான்.

கரிமச் சேர்மங்களில் ஓர் எலக்ட்ரானைக் கழற்ற 10 எலக்ட்ரான் வோல்ட் அல்லது அதற்குச் சற்று முன்பின் போதும். மோதுகிறதோ 70. அதில் முழுவதும் மூலக்கூறுக்குள் இறங்கிவிடாது என்றாலும், தேவைக்கு மேல் கொஞ்சம் ஆற்றல் உள்ளே தங்கிவிடும். அந்த உபரிதான் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் சுமை உள்ளதை மட்டுமே கருவி எடை போடும். வரைபடத்தில் ஒவ்வோர் எடைக்கும் ஒரு கோடு எழும்பும், ஆய்வகத்தில் அதைப் பீக் என்போம். இருப்பதிலேயே உயரமான பீக்கை 100 என்று வைத்து மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுக் குறிப்பது வழக்கம். அதன் பெயர் அடிப்படைப் பீக். அதற்கும் மூலக்கூறு அயனிக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, பாரபெனிலிருந்து தொடங்குவோம். அதன் வரைபடத்தில் கண்ணில் படுகிற பீக்குகள் நான்கு: 152, 121, 93, 65. இவற்றில் 121-தான் மிக உயரம்.

வலது கோடியில் இருக்கிற 152-ஐ மூலக்கூறு அயனி என்று எடுத்துக்கொள்ளலாமா? பாட்டிலில் பெயர் ஒட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒட்டியில்லாதபோது சில சோதனைகள் வேண்டும். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: கணக்கில் C-க்கு 12, H-க்கு 1, O-க்கு 16 என்று முழு எண்களைப் போடுங்கள். பாட்டில் லேபிளில் இருக்கிற சராசரி மூலக்கூறு எடை இங்கே உதவாது, ஏனென்றால் கருவி ஒவ்வோர் ஐசோடோப்பையும் தனித்தனியாக எடை போடுகிறது. குளோரின் உள்ள சேர்மத்தில் 35.5 என்று எங்கும் தெரியாது. 35-க்கு ஒரு பீக், 37-க்கு ஒரு பீக் என, மூன்றுக்கு ஒன்று என்ற உயரத்தில் இரண்டு நிற்கும்.

சோதனைகளில் முதலாவது, 152-க்கும் அடுத்த பெரிய பீக்குக்கும் உள்ள வித்தியாசம். இங்கே 31. ஒரு CH3O போயிருக்கலாம், நியாயமான இழப்பு. இதுவே 10 அல்லது 12 என்று வந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். 4 முதல் 14 வரையான எடையில் ஒரு மூலக்கூறிலிருந்து லேசில் கழன்று போகக்கூடிய துண்டு எதுவும் அநேகமாகக் கிடையாது. அப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால் உங்கள் 152 மூலக்கூறு அயனி அல்ல, அல்லது மாதிரியில் வேறொரு சேர்மமும் கலந்திருக்கிறது.

இரண்டாவது, 152-க்கு வலப்பக்கம் 153-இல் நிற்கும் குட்டிப் பீக். கார்பனில் சுமார் 1.1 சதவீதம் எடை 13 உள்ள ஐசோடோப்பு. எட்டுக் கார்பன் இருந்தால் அவற்றில் ஏதாவது ஒன்று 13-ஆக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 9 சதவீதம். ஆகவே 153, 152-இன் உயரத்தில் பதினொன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இருந்தால் எட்டுக் கார்பன் என்ற ஊகத்துக்கு அது சாட்சி. பீக் மிகச் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கை அதிகம் நம்பக் கூடாது.

இனி உடைப்பு. வரிசையாக எழுதி இடையே கழித்துக்கொள்ளுங்கள்:

```
152  →  121  →  93  →  65
    −31     −28    −28
```

31 என்பது CH3O. எஸ்டரில் C=O-வை ஒட்டிய பிணைப்பு உடைந்து, CH3O ரேடிக்கலாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. மிஞ்சும் 121, HO–C6H4–CO+. இந்த வகை அயனியில் சுமையைக் கார்பனும் ஆக்சிஜனும் வளையமும் பகிர்ந்துகொள்வதால் அது நிலையாக இருக்கிறது. அதனால்தான் அது அடிப்படைப் பீக். அடுத்து அது ஒரு CO-வை உதிர்த்து 93 ஆகிறது. 93-க்குள் இன்னும் ஓர் ஆக்சிஜன் இருக்கிறது, ஃபீனாலின் OH-ஆக இருந்தது. அதுவும் வளையத்திலிருந்து ஒரு கார்பனைக் கூட்டிக்கொண்டு CO-வாக வெளியேற, ஐந்து கார்பன் கொண்ட C5H5+ மிஞ்சுகிறது. எடை 65. ஃபீனால்கள் CO-வை விடுவது முதல்முறை பார்க்கிறவர்களுக்கு வினோதமாகத்தான் இருக்கும். வளையத்தையே உடைத்துக்கொண்டா போகும் என்று கேட்பார்கள். போகும்.

28-ஐ CO என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? எத்திலீன் C2H4-உம் 28-தான், நைட்ரஜன் N2-உம் 28-தான். எண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. இந்த மூலக்கூறில் நைட்ரஜன் இல்லை, எத்திலீனாகக் கழலக்கூடிய இரு கார்பன் சங்கிலியும் இல்லை. எனவே CO. எத்தில் எஸ்டராக இருந்திருந்தால் இப்படி அடித்துச் சொல்ல முடியாது. அங்கே துல்லியமான எடை காட்டும் கருவி வேண்டும்: CO 27.995, C2H4 28.031. முழு எண்ணாகக் காட்டும் சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒன்றே.

இங்கே தொடக்கத்தில் பலரும் சறுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. "CO இழப்பு இருக்கிறது, ஏனென்றால் 28-இல் பீக் இருக்கிறது" என்று எழுதுவார்கள். இழப்பாகப் போகும் துண்டுக்குச் சுமை கிடையாது. சுமை இல்லாததைக் கருவி பார்க்கவே பார்க்காது. அது போனது இரண்டு பீக்குகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியாக மட்டுமே தெரியும். அப்படியானால் 28-இல் நிற்கிற பீக் எது? பெரும்பாலும் காற்று. கருவிக்குள் நுழைந்த நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, நீராவி 18. இந்த மூன்றும் சேர்ந்து உயரமாக நின்றால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். இந்தத் தொல்லைக்காகவே பலர் 35 அல்லது 40-லிருந்துதான் பதிவைத் தொடங்குகிறார்கள்.

இப்போது தைலத்தின் முறை. மெத்தில் சாலிசிலேட்டின் வரைபடத்தில் 152 இருக்கிறது. பாரபெனைப் பார்த்த பழக்கத்தில் 121-ஐ உச்சியில் தேடினால், உச்சியில் நிற்பது 120. அடுத்த பெரிய துண்டு 93 இல்லை, 92.

```
152  →  120  →  92
    −32     −28
```

ஒரே ஓர் எண் வித்தியாசம். கருவி சரியாக அளவு திருத்தப்படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துபோக ஆசை வரும். ஆனால் 152 சரியாக 152-இலேயே நிற்கிறது, ஆகவே கருவிமேல் குற்றம் இல்லை. இங்கே போயிருப்பது CH3O அல்ல, CH3OH, முழு மெத்தனால் மூலக்கூறு. CH3O-வோடு எங்கிருந்தோ ஒரு ஹைட்ரஜனும் கிளம்பிப் போயிருக்கிறது.

இதை ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்தே ஊகித்துவிடலாம். நைட்ரஜன் இல்லாத சேர்மங்களின் எடை எப்போதும் இரட்டைப்படை. அதிலிருந்து ஒரு பிணைப்பு மட்டும் உடைந்து ரேடிக்கல் ஒன்று பிய்ந்துபோனால் (CH3 15, CH3O 31, C2H5 29), மிஞ்சும் அயனி ஒற்றைப்படையாகும். 121 அப்படிப்பட்டது. முழுமையான, நிலையான ஒரு மூலக்கூறே கழன்று போனால் (நீர் 18, CO 28, மெத்தனால் 32, கீட்டீன் 42), மிஞ்சுவது இரட்டைப்படையாகவே இருக்கும். 120 அப்படி. ஒரு முழு மூலக்கூறு இப்படிக் கழல்வதற்குப் பெரும்பாலும் ஹைட்ரஜன் ஒன்று இடம் மாறியாக வேண்டும். ஆகவே நைட்ரஜன் இல்லாத சேர்மத்தின் வரைபடத்தில் இரட்டைப்படைத் துண்டு ஒன்று உயரமாக நின்றால், உள்ளே ஏதோ கைமாறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் நைட்ரஜன் இருந்தால் மூலக்கூறு அயனியே ஒற்றைப்படையாகி, கணக்கு தலைகீழாகும். நம் பாராசிட்டமால் அப்படி. அதன் எடை 151, அது 42-ஐ, அதாவது கீட்டீன் மூலக்கூறை, விட்டுவிட்டு 109 ஆகிறது. நைட்ரஜன் துண்டிலேயே தங்கிவிடுவதால் அதுவும் ஒற்றைப்படை.

சாலிசிலேட்டில் கைமாறியது எந்த ஹைட்ரஜன்? காகிதத்தில் மூலக்கூறை வரைந்து OH-இன் ஹைட்ரஜனிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். H, அதன் O, வளையக் கார்பன், அடுத்த வளையக் கார்பன், C=O-வின் கார்பன், OCH3-இன் O. ஆறு அணுக்கள். ஹைட்ரஜன் ஓர் அடி எடுத்து வைத்தால் ஆறு உறுப்பு வளையம் மூடிக்கொள்கிறது. வேதியியலில் ஹைட்ரஜன் தாவுவதற்கு இதைவிட வசதியான தூரம் கிடையாது. தாவியதும் அந்த ஆக்சிஜன் CH3-யும் புது H-உம் கொண்ட மெத்தனாலாகக் கழன்றுவிடுகிறது. பாரபெனிலோ OH வளையத்தின் மறுகோடியில் இருக்கிறது, ஹைட்ரஜன் எட்டாது. அதனால் அங்கே நேரடியான உடைப்பு மட்டும்தான். பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் மட்டுமே நடக்கிற இதற்கு ஆர்த்தோ விளைவு என்று பெயர்.

நம்பிக்கை வராதவர்கள் OH-இன் ஹைட்ரஜனை மட்டும் டியூட்டீரியமாக மாற்றிப் பார்க்கலாம். மூலக்கூறு அயனி 153-க்கு நகரும். போகிற ஹைட்ரஜன் OH-இனுடையதே என்றால், அந்த டியூட்டீரியமும் மெத்தனாலோடு போய்விட வேண்டும், இழப்பு 33 ஆகவும் துண்டு பழையபடி 120 ஆகவும் இருக்க வேண்டும். கருவிக்குள் இருக்கும் துளி ஈரமே டியூட்டீரியத்தைத் திரும்ப ஹைட்ரஜனாக மாற்றிவிடும் என்பதால் இதைச் செய்ய கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சாலிசிலேட்டின் வரைபடத்தை இன்னும் கவனமாகப் பார்த்தால், 120-க்குப் பக்கத்தில் 121-உம் இருக்கும். இது கார்பன்-13 நிழலா? 120-இல் கார்பன்கள் ஏழு. ஏழு முறை 1.1, ஏறக்குறைய 8 சதவீதம்தான் நிழலுக்குக் கிடைக்கும். உண்மையில் 121 அதைவிடப் பல மடங்கு உயரமாக நிற்கிறது. எனவே சாலிசிலேட்டிலும் ஒரு பகுதி மூலக்கூறுகள் பாரபென் மாதிரியே CH3O-வை நேரடியாக இழக்கின்றன. ஒரே அயனிக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன, மெத்தனால் வழி சுலபமாக இருப்பதால் கூட்டம் அந்தப் பக்கம் அதிகம். "120 இருக்கிறதா, 121 இருக்கிறதா" என்று கேட்டால் தவறிவிடுவோம். எது ஓங்கி நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கலைக்கு ஓர் எல்லையும் உண்டு, அதே குடும்பத்திலேயே. OH-ஐ எதிர்முனைக்குப் பதில் ஒரு கார்பன் தள்ளி, மெட்டா இடத்தில் வைத்தால் மூன்றாவது பங்காளி வருவார். அவருக்கும் ஹைட்ரஜன் எட்டாது, அவரும் 152, 121, 93, 65 என்றே உடைவார். பாராவையும் மெட்டாவையும் துண்டுகளை வைத்துப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை. கணினியிலுள்ள நூலகத்தில் தேடினால் இரண்டுக்கும் உயர்ந்த பொருத்த மதிப்பெண் வரும், மேலே எது வந்திருக்கிறதோ அதை எழுதிவிடுவது சூதாட்டம். குரோமட்டோகிராஃபில் வெளிவரும் நேரத்தை, சுத்தமான மாதிரி ஒன்றை ஓட்டி ஒப்பிடுவதுதான் வழி. சாலிசிலேட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதன் OH தன் மூலக்கூறின் C=O-வோடேயே ஹைட்ரஜன் பிணைப்புப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் இருப்பதால், சுலபமாக ஆவியாகி மற்ற இருவருக்கும் முன்பே வெளியே வந்துவிடும். தைலத்துக்கு வாசனை இருந்து களிம்புக்கு இல்லாமல் போனதிலும் இதற்குப் பங்கு உண்டு.

மூலக்கூறு அயனி இதுவரை சமர்த்தாக வலது கோடியில் நின்றது. நிற்காத ஒரு சொந்தக்காரரும் இருக்கிறார்: ஆஸ்பிரின். சாலிசிலிக் அமிலத்தின் OH-இல் ஓர் அசெட்டைல் ஒட்டியது, எடை 180. ஒருமுறை மாணவர் ஒருவர் ஆஸ்பிரின் வரைபடத்தைக் கொண்டுவந்து, "சார், மாத்திரை கெட்டுப்போச்சு" என்றார். வலது ஓரத்தில் தெரிந்த பெரிய பீக் 138. சாலிசிலிக் அமிலத்தின் எடையும் 138. ஆஸ்பிரின் ஈரம் பட்டால் சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் உடைவதும் உண்மை. 138-க்கு அடுத்து 120, அப்புறம் 92. சாலிசிலிக் அமிலத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

ஆனால் ஆஸ்பிரினே இப்படித்தான் உடையும். ஃபீனால் அசெட்டேட்டுகள் 42-ஐ, கீட்டீன் CH2CO மூலக்கூறை, சட்டென்று உதிர்த்துவிடும். ஹைட்ரஜன் ஒன்று ஆக்சிஜனுக்குத் திரும்பி வர, 180 போய் 138 வருகிறது. அப்புறம் பழைய ஆர்த்தோ கதைதான். OH-இன் ஹைட்ரஜன் பக்கத்து COOH-க்குத் தாவி, இம்முறை மெத்தனாலுக்குப் பதில் நீராக, 18-ஆக வெளியேறுகிறது. மிஞ்சுவது தைலத்தில் பார்த்த அதே 120. பிறகு CO போய் 92.

```
180  →  138  →  120  →  92
    −42     −18     −28
```

எல்லாமே இரட்டைப்படை, எல்லாமே முழு மூலக்கூறு இழப்புகள். முதல் படி அத்தனை வேகமாக நடப்பதால் 180 கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்துவிடுகிறது.

சரி, வரைபடத்தில் இருப்பது ஆஸ்பிரினா, கெட்டுப்போன ஆஸ்பிரினா? 43-ஐப் பார்க்கச் சொன்னேன். அசெட்டைல் CH3CO+ அங்கேதான் நிற்கும். சாலிசிலிக் அமிலத்தில் அசெட்டைல் கிடையாது, அதனால் அங்கே உயரமான 43-க்கு வழியில்லை. இவர் வரைபடத்தில் 43 நன்றாகவே இருந்தது. பின்னணிக் கொழுப்பும் எண்ணெயும்கூட 43 தரும் என்பதால் அது ஒன்றை வைத்து முடிவு கட்டாமல், 170-க்கு மேலுள்ள பகுதியை மட்டும் திரையில் இருபது மடங்கு பெரிதாக்கினோம். 180-இல் சின்னதாக ஒன்று நின்றது. அது இரைச்சலா என்று பார்க்க, 180-இன் உயரம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று தனியாக வரைந்தோம். 138, 120 இரண்டும் ஏறி இறங்கிய அதே விநாடிகளில் அதுவும் ஏறி இறங்கியது. ஒரே சேர்மத்திலிருந்து வந்தவைதான் இப்படிச் சேர்ந்து நடக்கும்.

அதே ஓட்டத்தில் வேறொரு நேரத்தில் இன்னொரு சிறிய மேடும் இருந்தது. அதில் 138, 120, 92 இருந்தன, 43 இல்லை, 180 இல்லை. அதுதான் நிஜமான சாலிசிலிக் அமிலம். அது மாத்திரையிலேயே இருந்ததா, மாதிரியை ஊசியால் கருவிக்குள் ஏற்றும் இடத்துச் சூட்டில் உண்டானதா என்பதை இந்த வரைபடம் சொல்லாது. சூட்டைக் குறைத்து மறுபடி ஓட்டியபோது அந்த மேடு பாதிக்கும் கீழே இறங்கியது.